அரை நாள் லீவும் ஒரு டோக்கன் சீட்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்குப் போகிறவர்களும், வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள். இரண்டு பேருக்கும் இதில் சொல்ல வேண்டியது இருக்கிறது.

போன மாதம் ஒரு சாயங்காலம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். பெயர் சொல்ல மாட்டேன், அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இப்போது தருமபுரி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங்கில் இருக்கிறாள். ஆறு வருஷமாக அதே கடை.

"டீச்சர், ஒரு அரை நாள் லீவு கேட்டேன். தர மாட்டேங்கறாங்க" என்றாள்.

"என்ன காரணம் சொன்னே கண்ணு?"

"பத்திர ஆபீஸுக்குப் போகணும்னு சொன்னேன். எந்த தேதின்னு கேட்டாரு மேனேஜர். இன்னும் தெரியலைன்னேன். டோக்கன் சீட்டைக் கொண்டாந்து காட்டு, அப்புறம் பார்க்கலாம்னுட்டாரு. பத்திரம் எழுதறவரு, நீங்க எல்லாரும் வர்ற தேதியைச் சொன்னாத்தான் டோக்கன் போடுவேங்கறாரு. ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டேன் டீச்சர்."

சீட்டு இல்லாமல் லீவு இல்லை, லீவு இல்லாமல் சீட்டு இல்லை. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்து அவள் சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

"அண்ணன் சொல்லுது, உனக்கு லீவு கிடைக்கலைன்னா விடு, எனக்கு ஒரு பவர் எழுதிக் குடுத்துடு, உன் கையெழுத்தையும் சேர்த்து நானே போட்டுக்கறேன்னு."

விஷயம் இதுதான். அவளுடைய அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் சொந்தமாக உழைத்து வாங்கிய நிலம் ஒரு ஏக்கர் இருபது சென்ட். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. 120 சென்ட்டை நாலாக வகுத்தால் ஆளுக்கு 30 சென்ட். அவளுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. நாலு பேரும் பேசி முடித்து, பாகப்பிரிவினைப் பத்திரம் போடுவது என்று முடிவாகியிருந்தது. அதுவரை யாரும் சண்டை போடவில்லை, அதற்காக அந்தக் குடும்பத்தைப் பாராட்ட வேண்டும். அண்ணனும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், வேலை முடிந்தால் போதும் என்று சொல்லியிருப்பார். ஆனாலும் ஒரு பெண் தன் 30 சென்ட்டைத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள முடியாமல், ஒரு அரை நாள் லீவு குறுக்கே நிற்கிறது என்றால், அந்த அரை நாள் சின்ன விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

நான் அவளிடம் முதலில் கேட்டது, "பவர் எழுதிக் குடுக்கணும்னா அதுக்கு யாரு போகணும்?" என்பதுதான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நான்தான் போகணும் டீச்சர்" என்றாள். பொது அதிகாரப் பத்திரம் கொடுப்பவரும் சார்பதிவாளர் முன்னால் நேரில் நின்று, போட்டோ எடுத்து, கைரேகை வைக்க வேண்டும். அதற்கும் டோக்கன் உண்டு, அதற்கும் அரை நாள் போகும். போகிற அரை நாளில் தன் பங்குக்குத் தானே கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாமே! படுத்த படுக்கையாக இருப்பவர், வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுப்பது வேறு. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடும் தூரத்தில் இருப்பவள் லீவு கிடைக்காத ஒரே காரணத்துக்காகக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

சரி, மேனேஜர் செய்தது தப்பா? முழுக்கத் தப்பென்று சொல்ல மாட்டேன். அவர் நிலைமையில் நானும் இருந்திருக்கிறேன்.

நான் கடைசி சில வருஷம் தலைமையாசிரியையாக இருந்தது ஈராசிரியர் பள்ளி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பு, இரண்டே பேர். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துக்கொண்டு, சத்துணவையும் பார்த்து, ஏதாவது புள்ளிவிவரம் கேட்டு போன் வந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு என்னோடு வேலை செய்த டீச்சர் போன் செய்து, உடம்பு சரியில்லை, இன்று தற்செயல் விடுப்பு என்றார். சரி என்றேன், உடம்புக்கு வருவதை யார் தடுக்க முடியும். மூன்று நாள் கழித்து ஒரு பிள்ளையின் அப்பா பேச்சுவாக்கில், "உங்க டீச்சர் வீட்டுமனை வாங்கியிருக்காங்க போல, ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பார்த்தேன்" என்றார். எனக்குக் கோபம் லீவு எடுத்ததில் இல்லை. டோக்கன் நாலு நாள் முன்னாடியே போட்டிருப்பார்கள். அன்றைக்கே சொல்லியிருந்தால் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்பச் சொல்லி வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டிருப்பேன். அரை நாளில் முடிகிற வேலைக்கு முழு நாள் போனதும் அந்தப் பொய்யால்தான். காய்ச்சல் என்று சொன்னவர் மத்தியானம் பூ வைத்துக்கொண்டு வந்து நிற்க முடியுமா?

அவரைக் குறை சொல்ல எனக்கும் முழுத் தகுதி இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் வீட்டுமனை வாங்கியபோது நானும் தலைவலி என்றுதான் சொல்லிவிட்டுப் போனேன். அப்போது இந்த டோக்கன் எல்லாம் கிடையாது. காலையில் போய்ப் பத்திர எழுத்தர் கடை வாசலில் உட்கார்ந்தால், எப்போது கூப்பிடுவார்கள் என்று எழுத்தருக்கே தெரியாது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிட்டதும் உண்டு, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பியதும் உண்டு. லீவு லெட்டரோடு இணைக்க ஒரு துண்டுச் சீட்டுகூட யாரும் தர மாட்டார்கள். நிலம் வாங்குகிறோம் என்று பள்ளியில் சொன்னால் எவ்வளவு, எங்கே, யார் காசு என்று பத்துக் கேள்வி வரும் என்ற கூச்சம் வேறு. அதனால் தலைவலி. மறுநாள் எங்கள் தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பிவைத்து, "மனை எந்தப் பக்கம் பார்த்து இருக்கு? கிழக்கா, வடக்கா?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தால் முகம் சுடும்.

அன்றைக்கு இருந்த சாக்கு இன்று இல்லை. பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 திட்டம் 2018 பிப்ரவரியில் வந்த பிறகு, பத்திர விவரங்களை tnreginet.gov.in தளத்தில் முன்கூட்டியே ஏற்ற வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் சரிபார்ப்பார்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இணையவழியில் கட்டியாக வேண்டும். அதன்பிறகு தேதியும் நேரமும் தேர்ந்தெடுத்தால் டோக்கன் கிடைக்கும். அச்சடித்துக்கொள்ளும் சீட்டில் எந்த அலுவலகம், என்ன தேதி, எத்தனை மணி, டோக்கன் எண் என்ன என்று இருக்கும். மொபைலுக்கும் குறுஞ்செய்தி வரும். ஒரு தனியாளின் சொந்த வேலைக்கு, அரசுத் துறையே நாளும் நேரமும் குறித்துக் கொடுக்கிற காகிதம் இது. கல்யாணப் பத்திரிகையைவிட நம்பகமானது. பத்திரிகையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், டோக்கனுக்குக் காசு கட்டியிருக்க வேண்டும்.

வரிசையைக் கவனியுங்கள். சீட்டு வருவது கடைசியில். பத்திரம் தயாராகி, அலுவலகம் பார்த்து, பணம் கட்டிய பிறகுதான் அது கைக்கு வரும். ஆகவே "சீட்டைக் கொண்டுவந்தால்தான் லீவைப் பற்றியே பேசுவேன்" என்று மேலாளர் சொன்னால், ஊழியர் மேலாளரின் மனதை ஊகித்துக்கொண்டு முதலில் பணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். "லீவு கிடைக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்று பத்திர எழுத்தர் சொல்வதும் நியாயம்தான். பாகப்பிரிவினையில் பங்குதாரர் எல்லாரும் எழுதிக்கொடுப்பவர்கள், ஒருவர் வரவில்லை என்றாலும் அன்று வேலை முடியாது. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டு, வராதவர் பின்னொரு நாள் தனியாக வந்து ஒப்புக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதுவரை பத்திரம் நிலுவையில் கிடக்கும், நாலு பேர் கை பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்க வழி ஒன்றுதான். லீவை இரண்டு தடவை கேட்க வேண்டும். முதல் தடவை வாயால், இரண்டு தேதி சொல்லி. இரண்டாவது தடவை எழுத்தில், சீட்டோடு.

அவளிடம், "கடையில் எந்த நாள் கூட்டம் குறைச்சல்?" என்று கேட்டேன். புதனும் வியாழனும் என்றாள். ஆனால் அண்ணன் பார்த்து வைத்திருந்தது வெள்ளிக்கிழமை. வெள்ளியன்று ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அதனால் பன்னிரண்டேகாலுக்கு மேல் டோக்கன் போடலாம் என்று அவர் யோசனை. நம் ஊரில் நல்ல நேரம் பார்க்காமல் பத்திரம் போடுங்கள் என்று நான் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் பார்த்துத்தான் போட்டேன். ஆனால் லீவு கேட்கிறவர் பார்க்க வேண்டிய இன்னொரு பஞ்சாங்கம் இருக்கிறது, அது வேலை நேரம். அரை நாள் என்பது காலைப் பாதி அல்லது மாலைப் பாதி. பன்னிரண்டேகால் டோக்கன் இரண்டு பாதியையும் தின்றுவிடும். பதினொரு மணிக்குக் கடையை விட்டுக் கிளம்ப வேண்டும், திரும்பி வர மூன்று மணிக்கு மேல் ஆகும். பேர்தான் அரை நாள், கணக்கில் முழு நாள். அதுவும் வெள்ளிக்கிழமை, ஜவுளிக்கடையில்! மேனேஜர் முகம் சுளித்ததில் ஆச்சரியம் இல்லை.

புதன்கிழமை ராகுகாலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை. வியாழன் ஒன்றரை முதல் மூன்று. இரண்டு நாளிலும் காலை பத்தரை மணி சுத்தமாக இருக்கிறது. காலைப் பாதிக்குள் அடங்கியும் விடும். "அண்ணன்கிட்ட இதைச் சொல்லு. மேனேஜர்கிட்ட, புதன் அல்லது வியாழன் காலை அரை நாள், எது உங்களுக்குச் சௌகரியம்னு கேளு. அவரு ஒண்ணைச் சொல்லட்டும், அதுக்கு டோக்கன் போடச் சொல்லு, சீட்டு வந்ததும் எழுதிக் குடு" என்றேன். தேர்ந்தெடுக்கிற உரிமையைக் கொஞ்சம் அவர் கையில் கொடுத்தால் மறுப்பது அவருக்குக் கஷ்டம். வகுப்பில் நாற்பது வருஷம் பிள்ளைகளிடம் செய்த தந்திரம்தான் இது. "வாய்ப்பாடு முதல்ல சொல்றியா, பாட்டு முதல்ல சொல்றியா?" என்பேனே, நினைவிருக்கிறதா?

மேனேஜர் புதன் என்றார். சீட்டு வந்தது, புதன் காலை 10.30. அவள் வாட்ஸ்அப்பில் நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினாள். அப்பா இறந்ததிலிருந்து ஆரம்பித்திருந்தாள். நான் சிவப்பு மை இல்லாமலே திருத்தி இப்படி ஆக்கினேன்:

"ஐயா, வணக்கம். எங்கள் குடும்பச் சொத்துப் பத்திரம் பதிவு செய்ய, வரும் புதன்கிழமை காலை 10.30 மணிக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. நான் நேரில் சென்று கையெழுத்திட வேண்டியுள்ளதால், அன்று முற்பகல் அரை நாள் தற்செயல் விடுப்பு அளிக்க வேண்டுகிறேன். பிற்பகல் 2 மணிக்குப் பணிக்குத் திரும்பிவிடுவேன். அலுவலகத்தில் தாமதமானால் 12.30 மணிக்குள் போனில் தெரிவிக்கிறேன். முன்பதிவுச் சீட்டின் நகல் இணைத்துள்ளேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள..."

அவ்வளவுதான். இதில் எத்தனை சென்ட், என்ன மதிப்பு, யார் பங்கு என்று ஒரு வார்த்தை இல்லை. லீவு தருபவருக்கு அது தேவையில்லை. சீட்டின் நகல் போதும், பத்திரத்தின் நகலைக் கொடுக்காதீர்கள். பத்திரத்தில் எல்லாருடைய ஆதார் விவரம், விலாசம், போட்டோ எல்லாம் இருக்கும். ஒரு லீவு ஃபைலில் அது ஏன் கிடக்க வேண்டும்? "நான் நேரில் சென்று" என்ற வார்த்தை மட்டும் கண்டிப்பாக வேண்டும். "உன் வீட்டுக்காரரை அனுப்பேன்" என்று சொல்கிறவர்களுக்கு அதுதான் பதில். சொத்து கைமாறும் பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர் இருவரின் போட்டோவும் கைரேகையும் வேண்டும் என்று பதிவுச் சட்டத்தில் 2001-ல் 32-ஏ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். பாகப்பிரிவினையில் எழுதிக்கொடுக்கிறவரே அவள்தான். கணவர் சாட்சிக் கையெழுத்துப் போடலாம், மனைவியின் கட்டை விரலை எப்படி எடுத்துக்கொண்டு போவார்?

12.30 மணிக்குப் போன் செய்வேன் என்ற வரியையும் நானாகச் சேர்த்தேன். சீட்டில் இருப்பது கூப்பிடும் நேரம், முடியும் நேரம் எதிலும் எழுதியிருக்காது. ஒரு சார்பதிவாளர் இருக்கும் அலுவலகத்துக்கு ஒரு நாளைக்கு 100 டோக்கன் என்று வைத்திருக்கிறார்கள். முகூர்த்த நாள், ஆடிப்பெருக்கு மாதிரி நாட்களில் 150 வரை ஏற்றுகிறார்கள். கணக்கு டீச்சர் இல்லையா, போட்டுப் பார்த்தேன். ஏழு மணி நேரத்தை 420 நிமிஷமாக்கி நூறால் வகுத்தால் ஒரு பத்திரத்துக்கு நாலு நிமிஷம் சொச்சம்தான். அதற்குள் நாலு பங்குதாரர், இரண்டு சாட்சி, ஆறு அடையாள அட்டை, போட்டோ, கைரேகை எல்லாம் ஆகுமா? எல்லா அலுவலகத்திலும் எல்லா நாளும் நூறும் நிரம்பாது, அதனால்தான் வண்டி ஓடுகிறது. முகூர்த்த நாளில் டோக்கன் போட்டுவிட்டு அரை நாள் லீவு கேட்காதீர்கள். அன்றைக்கு முழு நாளாகவே கேட்டுவிடுவது மரியாதை.

இன்னொன்று. அரசுப் பணியில் இருக்கும் என் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கு மட்டும் இது. வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, அதில் அரை நாளாகவும் எடுக்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது, இதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் லீவு லெட்டரோடு பத்திரப் பதிவுச் சீட்டை வைக்கும்போது, நான் சொத்து வாங்குகிறேன் என்று அலுவலகத்துக்கு எழுதியே கொடுக்கிறீர்கள். 1973-ம் வருஷத்து அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 7-வது விதி, அசையாச் சொத்து வாங்குவதையும் விற்பதையும் துறைக்கு முறைப்படி தெரிவிக்கச் சொல்கிறது. அதை முதலில் முடித்துவிட்டுச் சீட்டை இணையுங்கள். பலர் லீவுக்குப் பொய்க் காரணம் சொல்வதே இதைச் செய்யாததால்தான் என்பது என் அனுபவம். தலைமையாசிரியையாக நான் சீட்டைப் பார்த்ததும் முதலில் கேட்ட கேள்வியும் இதுதான்.

கடை, நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், என் தம்பி முறை ஆகிறவர்கள் இரண்டு பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. அதில் 25-வது பிரிவு, வருஷத்துக்குப் 12 நாள் வரை சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு, நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. நோய்க்கு 12 நாள் தனி. ஆறு வருஷம் வேலை செய்த அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. லீவு போட்டால் அன்றைய சம்பளம் பிடிப்பதுதான் உலக வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சட்டத்தைக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. "தற்செயல் விடுப்பு" என்ற பெயரைக் கடிதத்தில் எழுதச் சொன்னேன், அவ்வளவுதான். சும்மா "லீவு வேண்டும்" என்று எழுதினால் அது தயவு, பெயரோடு எழுதினால் அது கணக்கு.

மேலாளர்கள் ஆதாரம் கேட்பதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் சீட்டைக் காட்டிய பிறகு கேள்வி அதோடு நிற்க வேண்டும். நேரத்தை மாற்றிப் போட முடியுமா என்று ஒரு தடவை கேட்கலாம், அதிலும் நியாயம் உண்டு, டோக்கன் மாற்றக்கூடியதுதான். கையெழுத்தான பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோகச் சட்டம் நாலு மாத அவகாசம் தருகிறது, அதனால் ஒரு புதன்கிழமை போனால் நிலம் போய்விடாது. ஆனால் பெங்களூரிலிருந்து ஒரு தம்பியும், திருப்பூரிலிருந்து ஒரு அண்ணனும், மூட்டு வலியோடு ஒரு அம்மாவும் ஒரே நாளில் வந்து நிற்பது இன்னொரு தடவை அமையுமா? கடைக்கு அந்த அரை நாளில் என்ன நஷ்டம் என்பதோடு இதையும் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். சில அலுவலகங்களில் சனிக்கிழமையும் பதிவு நடக்கிறது, "சனிக்கிழமை போயேன்" என்று சொல்லலாம்தான். ஆனால் சொத்து எந்த அலுவலக எல்லையில் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும், அந்த அலுவலகம் சனிக்கிழமை திறந்திருக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. ஜவுளிக்கடைக்காரர் சனிக்கிழமை லீவு தருவாரா என்பது வேறு கேள்வி!

அந்தப் புதன்கிழமை என்ன ஆனது என்று கேட்பீர்கள். பத்து மணிக்கெல்லாம் ஆறு பேரும் போய்விட்டார்கள். 10.30 டோக்கனைக் கூப்பிட்டது 11.20-க்கு. பிள்ளைகள் மூன்று பேருக்கும் சிக்கல் இல்லை. அம்மாவின் கைரேகைதான் இயந்திரத்தில் விழவே இல்லை. வாழ்நாளெல்லாம் களையெடுத்த கை, ரேகை தேய்ந்து போயிருந்தது. துடைத்துத் துடைத்து வைத்து, வேறு விரலை வைத்து, ஒருவழியாக எடுத்தார்கள். வயசானவர்கள் வருகிற பத்திரம் என்றால் இதற்குக் கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். 12.30-க்கு அவள் கடைக்குப் போன் செய்து, இன்னும் கையெழுத்து ஆகிறது, இரண்டரை ஆகலாம் என்று சொன்னாள். "சரிம்மா, முடிச்சிட்டு வா" என்றாராம் மேனேஜர். 12.50-க்கு முடிந்தது. பஸ் ஏறி, வழியில் ஒன்றும் சாப்பிடாமல், 2.10-க்குப் பில்லிங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் போன் செய்தபோது முதலில் சொன்னது, "டீச்சர், தெற்குப் பக்கம் 30 சென்ட் எனக்கு, கிணத்துத் தண்ணியில நாலுல ஒரு பங்குன்னு எழுதியிருக்கு, நானே படிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்பதுதான். அந்தக் கிணற்று வரி முதலில் தயாரான நகலில் இல்லையாம். டோக்கன் போடுவதற்கு முன்னாலேயே அவள் கவனித்துக் கேட்டுச் சேர்க்கச் சொல்லியிருக்கிறாள். பவர் கொடுத்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தால் அதை யார் படித்திருப்பார்கள்?

மாதக் கடைசியில் சம்பளத்தைப் பார்த்தபோது அரை நாள் பிடித்திருந்தார்கள். கேட்டதற்கு, பழக்கத்தில் பிடித்துவிட்டோம், அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம் என்றிருக்கிறார்கள். கடிதத்தின் நகலை வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். வைத்திருக்கிறாளாம். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி எனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

கடிதத்தை எடுத்து உபயோகிக்க நினைப்பவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கிழமையையும் நேரத்தையும் உங்கள் சீட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.